சார் எதற்காக இவ்வளவு அக்கறை காட்டுகிறார்?

ஆடிட்டர் அலுவலகங்களில் செப்டம்பர் மாதம் இரவு பகல் தெரியாமல் ஓடும். வரித் தணிக்கை அறிக்கையை 30ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். ஒன்பது மணிக்கும் விளக்கு எரியும், பரோட்டா பார்சல் வரும், கடைசியில் யாராவது ஒரு சீனியர் பெண் பிள்ளைகளை வீட்டில் இறக்கிவிட்டுப் போவார். சி.ஏ. படிப்பவர்கள் பயிற்சிக்காக இப்படியோர் அலுவலகத்தில் ஆர்ட்டிகிளாகச் சேருகிறார்கள். வயது இருபதைச் சுற்றி இருக்கும். வேலை கற்றுக்கொடுப்பவர், வேலையைப் பிரித்துக் கொடுப்பவர், அவர்களைப் பற்றி பார்ட்னரிடம் நல்லதோ கெட்டதோ சொல்பவர் மூவரும் ஒரே ஆளாக இருப்பது அங்கே சகஜம். அந்த ஒருவர் ஒரு பெண்ணிடம் மட்டும் கூடுதல் அக்கறை காட்டினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

கோவையில் அப்படி ஓர் அலுவலகம், நித்யா என்று ஒரு முதலாண்டு ஆர்ட்டிகிள் என்று வைத்துக்கொள்வோம். கூடவே சேர்ந்த கார்த்திக் இன்னும் வவுச்சர்களை டிக் அடித்துக்கொண்டிருக்கிறான். நித்யாவிடம் சீனியர் படிவம் 3சிடியைக் கொடுத்துவிட்டார். அவள் போட்ட தாள்களை உட்கார்ந்து வரி வரியாகத் திருத்துகிறார். பரீட்சைக்குத் தன் பழைய நோட்டுகளைத் தந்தார். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் "சாப்பிட்டியா?" வருகிறது. ஒருநாள், "நீ மத்த ஆர்ட்டிகிள்ஸ் மாதிரி இல்லம்மா" என்றார். அடுத்த வாரம் திருப்பூரில் ஒரு மில் ஆடிட்டுக்கு அவளை மட்டும் அழைத்துப்போவதாகப் பேச்சு.

மூத்தவர் இளையவரை வளர்த்தெடுக்கும் உறவை 1980களில் ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் கேத்தி கிராம். வழிகாட்டி செய்வதை அவர் இரண்டாகப் பிரித்தார். கடினமான வேலையைக் கொடுப்பது, பெரியவர்கள் கண்ணில் படவைப்பது, பரிந்து பேசுவது போன்ற தொழில் சார்ந்த உதவிகள் ஒரு வகை. ஆறுதலாகப் பேசுவது, மனக்குறை கேட்பது, நண்பராக இருப்பது இன்னொரு வகை. குழப்பம் முழுவதும் இந்த இரண்டாவது வகையில்தான். நல்ல வழிகாட்டியும் "சாப்பிட்டியா?" என்று கேட்பார், காதல் வயப்பட்டவரும் கேட்பார். அந்த ஒரு கேள்வியை எத்தனை முறை திருப்பித் திருப்பிப் படித்தாலும் பதில் கிடைக்காது.

முதல் வகையைப் பார்த்தால் சில விஷயங்கள் தெளியும். 3சிடி கொடுத்தது எல்லோர் கண்ணெதிரிலும் நடந்தது, பார்ட்னருக்கும் தெரியும். நித்யா வேகமாகக் கற்றாள் என்பதற்காகக் கொடுத்திருக்கலாம். கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்காத ஆசிரியர் உண்டா? ஆகவே கார்த்திக்கை விட அவளுக்கு எவ்வளவு அதிகம் கிடைக்கிறது என்று அளப்பது பயன்படாது. கிடைப்பது எந்த மாதிரி விஷயம் என்று பார்க்க வேண்டும். கார்த்திக்கும் நன்றாகச் செய்தால் இதே வேலை அவனுக்கும் போகுமா? போகும் என்றால் அது வேலை பற்றிய அக்கறை. இரவு பதினொரு மணிச் செய்தி கார்த்திக்குக்குப் போகவே போகாது என்றால் அது வேறு கணக்கு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: திருத்தம். வளர்த்துவிட நினைப்பவர் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். தேய்மானக் கணக்கில் தப்பு விட்டால் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்பார், முகம் சுண்டினாலும் கவலைப்பட மாட்டார். மனதில் வேறு எண்ணம் புகுந்தவருக்கு அந்தச் சிவப்புப் பேனா மெதுவாக வற்றிவிடும். தப்பைத் தானே சரிசெய்துவிட்டு "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்பார். கேட்க இதமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தப் பெண்ணுக்கு 3சிடி தனியாகப் போடத் தெரியாது. "இதை ஆபீஸ்ல சொல்லிக்க வேணாம்" என்ற வாக்கியம் வந்துவிட்டால் எனக்கு மேற்கொண்டு ஆதாரம் தேவைப்படாது. வேலை கற்றுக்கொடுப்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

இளையவரின் கண்ணும் ஏமாறக்கூடியது என்பதையும் சொல்லவேண்டும். 1982இல் ஆன்டோனியா ஆபி என்ற உளவியலாளர் ஒரு சோதனை வெளியிட்டார். அறிமுகமில்லாத ஓர் ஆணும் பெண்ணும் ஐந்து நிமிடம் பேசுவார்கள். மறைவிலிருந்து இன்னோர் ஆணும் பெண்ணும் பார்ப்பார்கள். அந்தப் பெண் சாதாரணமாகக் காட்டிய நட்பில், பெண்களை விட ஆண்கள் அதிகமாகப் பாலியல் ஈர்ப்பைக் கண்டார்கள். நித்யா மரியாதைக்குச் சிரித்ததை சீனியர் வேறாகப் படிக்கலாம். பெண் சீனியர் காட்டும் கனிவைப் பார்த்து ஓர் ஆண் ஆர்ட்டிகிள் கற்பனையை ஓடவிடவும் இடமுண்டு. அதனால் நன்றி சொல்லும்போது வேலையின் பெயரைச் சொல்லி நன்றி சொல்வது நல்லது. "நீங்க இல்லன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் சார்" என்பதை விட "அந்த ஜி.எஸ்.டி. ஒப்பீடு இப்பத்தான் புரிஞ்சுது சார்" என்பதில் தப்பர்த்தத்துக்கு இடம் குறைவு.

சரி, நித்யா இப்போது என்ன செய்யலாம்? அவர் மனதில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் வேலையை விட்டுவிடலாம் என்பேன். அவருக்கே அது தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். சின்னதாக ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். "சார், நைட் மெசேஜ் எல்லாம் காலைல ஆபீஸ் வந்துதான் பாக்கறேன். திருப்பூருக்குக் கார்த்திக்கும் வரட்டுமா? அவனும் மில் ஆடிட் பாத்ததில்ல." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, யாருக்கும் முகம் கெடாது. பிறகு இரண்டு மூன்று வாரம் வேலையை மட்டும் கவனிக்க வேண்டும். 3சிடி அவளிடமே இருக்கிறதா? திருத்தம் தொடர்கிறதா? ஆம் என்றால் கவலையில்லை. ஒருவேளை அவர் மனதில் ஏதேனும் இருந்தாலும் அதை அடக்கிக்கொண்டு நடக்கிறார். அவளுக்கு வேண்டியது அவ்வளவே. மாறாக, அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு, அவளை மீண்டும் வவுச்சருக்குத் தள்ளினால், இதுவரை கிடைத்த வாய்ப்புக்கு என்ன விலை வைத்திருந்தார் என்பது தெரிந்துவிடும்.

அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தால்? இருவரும் வயது வந்தவர்கள், தடையில்லை. ஆனால் அவள் வேலையை மதிப்பிடுவது அதன்பின் வேறொருவராக இருக்க வேண்டும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2019இல் தன் தலைமை அதிகாரி ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை, ஓர் ஊழியருடன் இருவர் சம்மதத்தோடு இருந்த உறவுக்காகவே வெளியேற்றியது. மேலே இருப்பவரிடம் "சரி" என்று சொல்வதும் "வேண்டாம்" என்று சொல்வதும் ஒரே அளவு எளிதல்ல என்பதால்தான் நிறுவனங்கள் இப்படி விதி வைக்கின்றன.

கோடு போட்ட பிறகும் அவர் தொடர்ந்தால் 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பயிற்சியில் இருக்கும் பெண்களும் அதற்குள் வருகிறார்கள். வேலைக்காகப் போகும் திருப்பூர் மில்லும், அலுவலகம் ஏற்பாடு செய்த காரும் பணியிடம்தான். சலுகை காட்டுவதாக ஆசைகாட்டுவதும், மறுத்தால் வேலையில் கைவைப்பதாக மிரட்டுவதும், அதை வாய்விட்டுச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்தினாலும், பாலியல் நோக்கோடு சேரும்போது துன்புறுத்தலாகலாம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களில் பல அதைவிடச் சிறியவை. அங்கே பணிபுரிபவரும், புகார் முதலாளி மீதே என்றால் எந்த அலுவலகத்தவரும், மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை அவகாசம் தரலாம். அதனால் அந்தப் பதினொரு மணிச் செய்திகளை எரிச்சலில் அழித்துவிட வேண்டாம்.