தொண்ணூறு வரி சாட், பத்து வரிக் குறிப்பு

வாடிக்கையாளர் சேவையில் ஒரு சாட் முடிந்ததும் ஏஜென்ட்டுக்கு மிச்சமிருக்கும் வேலை, டிக்கெட்டில் குறிப்பு எழுதுவது. பிரச்சினை என்ன, என்னென்ன செய்து பார்த்தாயிற்று, அடுத்து யார் என்ன செய்யவேண்டும் என்ற மூன்றும் அந்தக் குறிப்பில் இருக்கவேண்டும். அதைப் படிக்கப்போகிறவர்கள் சாட்டைப் பார்க்காதவர்கள். அடுத்த ஷிஃப்ட் ஏஜென்ட் படிப்பார், இரண்டாம் நிலை இன்ஜினீயர் படிப்பார், வீட்டுக்குப் போகிற டெக்னீஷியன் வண்டியை நிறுத்திவிட்டு ஃபோனில் படிப்பார். முழு சாட்டும் டிக்கெட்டோடு இணைந்துதான் இருக்கும். ஆனால் தொண்ணூறு வரியை உருட்டிப் படிக்க அவர்களில் யாருக்கும் நேரம் இருக்காது.

வீட்டு ஃபைபர் இணைப்பு பற்றிய ஒரு புகாரை எடுத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர். மாலை 7.40-க்கு சாட்டுக்கு வருகிறார். அவருடைய முதல் வரி: “நெட் ரொம்ப ஸ்லோ சார், மீட்டிங்ல உட்காரவே முடியல.” அடுத்த ஐம்பது நிமிடத்தில் கோபம், மன்னிப்பு, காத்திருத்தல், பாதியில் வந்த குக்கர் விசில் என்று பலதும் கடந்துபோகின்றன. நடுவில் ஓர் இடம் இப்படி இருக்கிறது:

“மேடம், நெட் கட் ஆகும்போது பாக்ஸ்ல எந்த லைட் எரியுதுன்னு பார்க்க முடியுமா?”

“சிவப்பா ஒண்ணு மினுக்குது சார்.”

“அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கு மேடம்?”

“எல்.ஓ.எஸ்.னு போட்டிருக்கு. ஒரு நிமிஷம் இருங்க சார், கொசு வருது, அந்தப் பக்கத்து ஜன்னலையும் சாத்திட்டு வரேன்.”

இந்த நான்கு வரியில் இரண்டு பெரிய தகவல்கள் இருக்கின்றன. ஒன்று கேட்டுப் பெற்றது, மற்றொன்று பேச்சுவாக்கில் வந்து விழுந்தது. எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக மினுக்கினால், வெளியிலிருந்து ஃபைபர் வழியே வரவேண்டிய ஒளி பெட்டிக்குப் போதுமான அளவில் வந்து சேரவில்லை என்று பொருள். அந்த இடத்திலேயே புகார் மாறிவிடுகிறது. வாடிக்கையாளர் ‘ஸ்லோ’ என்றுதான் சொன்னார். உண்மையில் வேகம் குறையவில்லை, இணைப்பு அறுந்து அறுந்து வருகிறது. வேகக் குறைவு என்று குறித்தால் டிக்கெட் ஒரு குழுவுக்குப் போகும், இணைப்பு அறுவதாகக் குறித்தால் வேறொரு குழுவுக்குப் போகும். வாடிக்கையாளரின் முதல் வரியை அப்படியே எடுத்து ‘பிரச்சினை’ என்ற தலைப்பின் கீழ் ஒட்டுவதுதான் இந்த வேலையில் மிக அதிகமாக நடக்கும் பிழை. ஒருவர் வந்தவுடன் சொல்வது அவருக்கு ஏற்பட்ட அவதி. பிரச்சினை என்னவென்பது பெரும்பாலும் சாட்டின் நடுவில்தான் தெரியவரும்.

ஜன்னல் விஷயம் இன்னும் சுவையானது. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்துவது யாருக்கும் ஒரு தகவலாகவே தோன்றாது. ஆனால் பத்து வரி தள்ளி அதே வாடிக்கையாளர், நான்கு நாளுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்ததையும், அப்போது ஒயரைக் கழற்றி ஜன்னல் வழியாக விட்டதையும் சொல்கிறார். புகாரும் நான்கு நாளாகத்தான். அறுவதும் மாலையில் மட்டும்தான். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த ஏஜென்ட், கேபிள் வரும் ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்கிறார். அவர் திரையில் அந்தப் பெட்டிக்கு வரும் ஒளியின் அளவு தெரிகிறது. ஜன்னல் சாத்தியிருந்தபோது இணைப்பு வந்து வந்து போன இடைவெளியில் அது -28.1 டிபிஎம். திறந்த பிறகு -21.3. இந்த வகை வீட்டு இணைப்புகளில் பொதுவாக -8-லிருந்து -27 வரை ஏற்கத்தக்க அளவு. அதற்கும் கீழே போனால் பெட்டி தடுமாறும். ஃபைபர் என்பது தலைமுடி அளவுக்கு மெல்லிய கண்ணாடி இழை. அதைக் கூர்மையாக மடக்கினால் உள்ளே ஓடும் ஒளி வளைவில் வெளியே கசிந்துவிடும். இந்த வீட்டில் ஜன்னல் சாத்தியதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஒளிதான் பெட்டிக்கு வந்துகொண்டிருந்தது.

இனி குறிப்பு. அவசரத்தில் எழுதப்படும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “நெட் ஸ்லோ என்று புகார். ரீஸ்டார்ட் செய்யச் சொல்லப்பட்டது. வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார். சரியாகவில்லை. டெக்னீஷியனுக்கு அனுப்பப்படுகிறது.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் டெக்னீஷியன் காலை பத்து மணிக்குப் போவார். ஜன்னல் திறந்திருக்கும், நெட் நன்றாக ஓடும். வேகத்தைச் சோதித்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று டிக்கெட்டை மூடிவிட்டு வருவார். அன்று மாலையே வாடிக்கையாளர் மறுபடி சாட்டுக்கு வந்து, முதல் கேள்வியிலிருந்து எல்லாவற்றுக்கும் திரும்பப் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

சாட் நேர வரிசையில் ஓடுகிறது. குறிப்பு அந்த வரிசையில் போகக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் சாட்டின் கடைசிப் பகுதியை முதலில் படிக்கிறார்கள், இப்போதைய நிலை என்ன, என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்பது அங்கேதான் இருக்கும் என்பதால். அதிலிருந்து ‘அடுத்து’ என்ற பகுதியை முதலில் எழுதிவிடுகிறார்கள். பிறகு மேலேயிருந்து படித்துக்கொண்டு வந்து, அந்த அடுத்த வேலையைச் செய்பவருக்கு எது தேவையோ அதை மட்டும் பொறுக்குகிறார்கள். அறிகுறி, அது தொடங்கிய நாள், வரும் நேரம், செய்த சோதனை, அதன் விளைவு, கொடுத்த வாக்கு ஆகியவை நிற்கும். வணக்கம், மன்னிப்பு, “லைன்ல இருங்க” எல்லாம் போய்விடும். மேலே சொன்ன சாட்டை இப்படிச் சலித்தால் வரும் குறிப்பு:

பிரச்சினை: 4 நாளாக மாலை 6.30-க்கு மேல் இணைப்பு அடிக்கடி அறுகிறது, ஒவ்வொரு முறையும் 2 முதல் 5 நிமிடம். பகலில் சரி. அறும்போது எல்.ஓ.எஸ். சிவப்பில் மினுக்குவதாக வாடிக்கையாளர் சொல்கிறார். மாலை மீட்டிங்குகள் தடைபடுகின்றன.

செய்து பார்த்தது: பெட்டியை ரீஸ்டார்ட் செய்தது – 10 நிமிடம் ஓடி மறுபடி அறுந்தது. லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக இணைத்தது – அப்போதும் அறுந்தது. ஃபைபர் ஜன்னல் வழியாக வருகிறது (4 நாளுக்கு முன் பெயின்ட் வேலையில் மாற்றியது). ஜன்னல் சாத்தியிருந்தபோது ஒளி அளவு -28.1, திறந்தபின் -21.3 (திரையில் பார்த்தது). திறந்தபின் 15 நிமிடம் அறவில்லை.

சந்தேகம்: ஜன்னல் சட்டத்தில் ஃபைபர் நசுங்குகிறது. இழை சேதமாகியிருக்கிறதா என்பது நேரில்தான் தெரியும்.

அடுத்து: டெக்னீஷியன் நாளை காலை 10–12. ஃபைபரை ஜன்னலிலிருந்து எடுத்து வேறு வழியில் கொண்டுவரவேண்டும். இழை சேதமாகியிருந்தால் மாற்றக் கேபிள் தேவை. மூடும் முன் ஜன்னலைச் சாத்தி ஒளி அளவு பார்க்கவேண்டும். போகும் முன் கூப்பிடவும், மதியம் 1-க்கு மேல் வீட்டில் ஆள் இல்லை. அதுவரை அந்த ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறது.

‘செய்து பார்த்தது’ என்ற பகுதியில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒவ்வொரு சோதனைக்குப் பக்கத்திலும் அதன் விளைவு நிற்கவேண்டும். “லேன் கேபிளில் இணைத்துப் பார்த்தது” என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்குப் பயன் இல்லை. “அப்போதும் அறுந்தது” என்று சேர்த்த பிறகுதான் வைஃபை மீதிருந்த சந்தேகம் விலகுகிறது, இன்ஜினீயர் வைஃபை சேனலை மாற்றிப் பார்த்து நேரம் வீணாக்கமாட்டார். தோற்றுப்போன சோதனைகளை விட்டுவிட்டு, பலித்ததை மட்டும் எழுதும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது தவறு. தோற்ற சோதனைதான் ஒரு காரணத்தைக் கணக்கிலிருந்து அடிக்கிறது. அதேபோல, செய்யச் சொன்னதும் செய்ததும் வேறு வேறு. வாடிக்கையாளர் காலையிலேயே இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்ததாகச் சொல்லியிருக்கலாம். அதை ஏஜென்ட் பார்க்கவில்லை. சாட்டின்போது செய்த ரீஸ்டார்ட்டில் பெட்டி அணைந்து மறுபடி வந்தது ஏஜென்ட் திரையிலேயே தெரிந்தது. குறிப்பில் வந்தது இதுதான்.

யார் சொன்னது, யார் பார்த்தது என்ற பிரிவு குறிப்பு முழுக்கத் தெரியவேண்டும். விளக்கு மினுக்கியதை வாடிக்கையாளர் சொன்னார், ஒளி அளவை ஏஜென்ட் தானே பார்த்தார். நசுங்குகிறது என்பது இந்த இரண்டையும் வைத்து ஊகித்தது. ஊகத்தை உண்மைபோல் எழுதிவிட்டால், வீட்டுக்குப் போகிறவர் ஜன்னலை மட்டும் சரிசெய்துவிட்டுத் திரும்புவார். கோளாறு தெருக்கம்பத்து இணைப்பிலும் இருந்தால் அது கண்ணில் படாமலே போகும். சந்தேகம் என்று தனித் தலைப்பில் எழுதினால், சரிபார்க்கவேண்டியது இன்னும் இருக்கிறது என்று அவருக்குப் புரியும்.

குறிப்பில் இருக்கக் கூடாதவையும் உண்டு. சாட்டில் வாடிக்கையாளர் சில நேரம் பாஸ்வேர்டு, ஓடிபி, கார்டு எண் என்று கேட்காததையும் அனுப்பிவிடுவார். அவற்றை டிக்கெட்டில் நகலெடுக்கவே கூடாது. டிக்கெட்டைப் பலர் திறந்து பார்ப்பார்கள். ஆளைப் பற்றிய மதிப்பீடும் வேண்டாம். “கோபமாக இருக்கிறார்” என்பதற்குப் பதில் “மாலை மீட்டிங்குகள் தடைபடுகின்றன” என்று எழுதினால், அவசரம் எவ்வளவு என்று படிப்பவர் தாமே புரிந்துகொள்வார். நம் ஊர் நிறுவனங்களில் இந்தக் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளாக எழுதப்படுகின்றன. சுருக்கு எல்லாருக்கும் தெரிந்ததாக இருந்தால் சரி. ஒரு குழுவுக்குள் மட்டும் புழங்கும் சுருக்கு அடுத்த குழுவிடம் போனதும் புதிராகிவிடும்.

எழுதி முடித்த குறிப்பு போதுமா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. சாட்டை மூடி வைத்துவிட்டு, டெக்னீஷியனாக இருந்து குறிப்பை மட்டும் படிக்கவேண்டும். எந்த நேரத்துக்குப் போவது, என்ன எடுத்துப் போவது, சரியாகிவிட்டது என்று எப்படி அறிவது ஆகிய மூன்றுக்கும் பதில் கிடைக்கவேண்டும். ‘அடுத்து’ என்ற இடத்தில் “ஃபாலோ அப் செய்யவும்” என்று மட்டும் இருந்தால் மூன்றுக்குமே பதில் இல்லை. அப்படிப்பட்ட டிக்கெட் யார் பொறுப்பும் இல்லாமல் வரிசையில் கிடக்கும்.

டெக்னீஷியன் போய்ப் பார்த்து, ஜன்னலில் நசுங்கியதோடு இழையும் விரிசல் விட்டிருந்தது என்று கண்டால், பழைய குறிப்பைத் திருத்தக் கூடாது. அதற்குக் கீழே தேதியோடு புதிய குறிப்பு சேர்க்கவேண்டும்: கேபிள் மாற்றப்பட்டது, சுவரில் தனி வழி, ஜன்னல் சாத்தியபின் ஒளி அளவு -20.9. அடுத்த மாதம் அதே வீட்டிலிருந்து மறுபடி புகார் வந்தால், அன்று சாட்டில் இருக்கும் ஏஜென்ட் இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் கோளாறு பழையதா புதியதா என்று முடிவுசெய்வார்.