திரியும் வியர்வையும்

மாலையிற் பூசையறை விளக்கை ஏற்றும்போது, எண்ணெய் தானாகவே திரியின் மேலேறிச் சுடரைச் சென்றடைகின்றது. பஞ்சிழைகளுக்கிடையே உள்ள மெல்லிய இடைவெளிகளே அதற்கு வழி. நுண்ணிய குழாய்களில் திரவம் இவ்வாறு ஏறுவதை மயிர்த்துளைக் கவர்ச்சி என்பர். குழாய் எவ்வளவு ஒடுங்கியதோ அவ்வளவுக்கு அது திரவத்தை வலிந்து இழுக்கும்.

இன்றைய விளையாட்டுச் சட்டைகள் வியர்வையை அகற்றுவதும் இத்தத்துவத்தாலேயாம். ஆயின் ஓர் ஐயம் எழும். திரிக்கு உகந்த பருத்தி, விளையாட்டுச் சட்டைக்கு ஏன் உதவாதொழிகின்றது? சென்ற ஆண்டு எம் மாணவர் சிலர் புதுச் சட்டை அணிந்து ஓடி, அரைமணி நேரத்தில் அது உடலோடு ஒட்டிக் கனத்ததென முறையிட்டனர். கழுத்துச் சீட்டைப் பார்த்தேன். 60 வீதம் பருத்தி, 40 வீதம் பொலியெஸ்ரர் என்றிருந்தது. விடை அச்சீட்டிலேயே அடங்கியிருந்தது.

முதலிற் பொலியெஸ்ரரை நோக்குவோம். அது பிளாத்திக்குப் போத்தல் செய்யப்படும் அதே பொருள். 2019ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இலங்கைக் கிரிக்கெற் அணியினர் அணிந்த சட்டை, கடலோரத்திற் சேர்த்த பிளாத்திக்குக் கழிவினின்று மாஸ் நிறுவனத்தாரால் ஆக்கப்பட்டதென்பதை நினைவு கூரலாம். இவ்விழை நீரை உட்கொள்வதில்லை. சாதாரண ஈரக்காற்றில் தன் நிறையில் 0.4 வீதமளவே ஈரம் ஏற்கும். நீரோடு பெரிதும் ஒட்டாத அதன் மேற்பரப்பிலே நீர் பரவுதற்கென, ஆலையில் நீர்விரும்பும் பூச்சொன்று இடுவர். சில இழைகளின் நீளத்துக்கு வாய்க்கால் போன்ற பள்ளங்களும் அமைப்பர். 1986இல் டுபொன்ற் நிறுவனம் வெளியிட்ட கூல்மக்ஸ் இத்தகையது. நல்ல துணியில் உட்புறம் பருமனான இழையும் வெளிப்புறம் மெல்லிய இழையும் அமையும். வெளிப்புறத்து இடைவெளிகள் ஒடுங்கியவையாதலின் வியர்வை உள்ளிருந்து வெளியே இழுபடும். அங்கே அகலப் பரவி விரைவில் ஆவியாகும்.

பருத்தியின் இயல்பு வேறு. எண்ணெய் பஞ்சிழையின் சுவருக்குட் புகுவதில்லை. இழைகளுக்கிடையே மாத்திரம் செல்லும். ஆகவே திரி தளராது தொழில் செய்யும். நீரோ இழையின் சுவருக்குள்ளேயே புகுந்து பிணைந்துகொள்ளும். இழை பருத்து, இடைவெளிகள் ஒடுங்கும். ஒடுங்கிய வழி வலிதாய் இழுப்பினும், அதனூடு நீர் செல்லத் தடை அதனிலும் மிகுந்துவிடும், ஓட்டம் மந்தமாகும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். சட்டையின் நிறை 150 கிராம் என்க. முழுதும் பொலியெஸ்ரராயின் இழைகளுக்குள் ஒரு கிராம் நீர் தானும் தங்காது. 60 வீதம் பருத்தியாயின் பருத்தி 90 கிராம். நன்கு நனையும்போது பருத்தியிழை தன் நிறையில் ஏறக்குறையக் காற்பங்கை உட்கொள்ளும். அஃதாவது 22 கிராம். இது இழைகளுக்கிடையே தேங்கும் நீருக்கு மேலதிகமானது. கலப்புநூலில் இரு இழைகளும் அருகருகே முறுக்குண்டு கிடக்கின்றன. பொலியெஸ்ரர் வழியே வரும் வியர்வையை, பக்கத்துப் பருத்தி இடைமறித்துக் குடித்துவிடும். குடித்த நீர் ஈற்றிலேயே உலரும். பருத்தியை வெளிப்புறத்தில் மட்டும் வைத்து, உட்புறம் பொலியெஸ்ரராகப் பின்னிய துணிக்கு இக்குற்றம் அத்துணை இல்லை. ஒரே நூலிற் கலப்பதே கேடு.

இதனை வீட்டிலேயே சோதிக்கலாம். பழைய சட்டைகளில் ஒரு விரலகல நாடாக்கள் வெட்டி, நுனி மாத்திரம் நிறமூட்டிய நீரில் தோயத் தொங்கவிடுக. பத்து நிமிடத்தின்பின் நிறம் ஏறிய உயரத்தைக் குறித்து, பிழிந்து நிழலிற் காயவிட்டு, எது முதலில் உலர்கின்றதெனப் பார்க்க. பருத்தியும் நன்றாக ஏறக்கூடும். வேறுபாடு பெரும்பாலும் உலர்தலிலேயே தோன்றும்.

நல்ல சட்டையும் கெடுவதுண்டு. துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினால், எண்ணெய்ப்பசை போன்ற படலம் இழையை மூடிவிடும். துணிமேல் ஒரு துளி நீர் விடுக. அது பரவாமல் முத்துப்போல் நின்றால் பூச்சு மூடப்பட்டதென்றோ தேய்ந்ததென்றோ அறியலாம்.

எத்துணியும் வியர்வையை வெளியே கொணருமேயன்றி, அதனை ஆவியாக்குவது காற்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலினின்று கவரும். சொட்டி வீழும் வியர்வையோ அவ்வாறு குளிர்விப்பதில்லை. பாமன்கடையிற் காற்றசையாத ஈரமான மாலையில் மிகச் சிறந்த சட்டையும் நனைந்தே இருக்கும். ஆயினும் கடற்காற்று வீசத் தொடங்கியதும் முதலில் உலர்வது எதுவென்பதைக் கழுத்துச் சீட்டே முன்கூட்டிச் சொல்லிவிடும். அடுத்த முறை மாணவர்க்குச் சட்டை தைப்பிக்கும் பழைய மாணவர்கள் நிறத்தையும் இலச்சினையையும் பார்க்குமுன் அச்சீட்டைப் பார்ப்பாராக.