ஒரே இயந்திரம், இரண்டு பேரேடு

சி.ஏ. இன்டர்மீடியட் மாணவர்கள் ஏ.எஸ். 12 பாடத்தைப் பெரிதாக மதிப்பதில்லை. அரசு மானியத்தைக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்பதுதான் விஷயம். பாடமும் சின்னது, படித்தால் புரிந்தும் விடுகிறது. மூன்று தடவை படித்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டவரிடம், "வாங்கிய மானியத்தை மூன்றாம் வருடம் திருப்பிக் கட்டச் சொன்னால் என்ன பதிவு?" என்று கேளுங்கள். முக்கால்வாசிப் பேர் முழுத் தொகையையும் இலாப நட்டக் கணக்கில் பற்று வைத்துவிடுவார்கள். பாடத்தில் இருப்பது வாக்கியம், தேர்வில் வருவது தொகை என்பதால் வருகிற தடுமாற்றம் இது.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி, பாடம் முழுவதற்கும் ஒரே ஒரு இயந்திரத்தை வைத்துக்கொள்வது. விதிக்கு ஒரு உதாரணம் என்று போனால் தேர்வுக்கு முந்தின நாள் பத்து விதமான தொகைகள் தலையில் மோதும். தொகையை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயந்திரத்தின் விலை 24 லட்சம், ஆயுள் 6 வருடம், கடைசியில் காயலான் கடைக்குப் போட்டாலும் காசு வராது. மானியம் 6 லட்சம், அதாவது விலையில் 25 சதவீதம். தமிழ்நாட்டில் சிறு தொழில்களுக்குத் தகுதியுள்ள இயந்திரங்கள் மீது தரும் மூலதன மானியத்தின் விகிதமும் 25 சதவீதம்தான் என்பதால் கணக்கு செயற்கையாகத் தெரியாது. 24-ம் 18-ம் 6-ஆல் வகுபடுவது இன்னொரு வசதி. கால்குலேட்டரைத் தேடவேண்டிய உதாரணம் கடைசி நேரத்துக்கு உதவாது.

ஒரு ஏ4 தாளை நெடுக்காக மடித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் உள்ள சொத்துக்கு வந்த மானியத்தைக் காட்டத் தரநிலை இரண்டு வழிகளைத் தருகிறது. இடது பாதி முதல் வழிக்கு. இங்கே மானியத்தைச் சொத்தின் விலையிலேயே கழித்துவிடுகிறோம். இயந்திரக் கணக்கில் 24 லட்சம் பற்று, 6 லட்சம் வரவு, மிச்சம் 18 லட்சம். வருடத்துக்கு 3 லட்சம் தேய்மானம் போக, இரண்டாம் வருடக் கடைசியில் இருப்பு 12 லட்சம்.

வலது பாதி இரண்டாம் வழிக்கு. இயந்திரம் 24 லட்சத்திலேயே நிற்கும், தேய்மானம் வருடத்துக்கு 4 லட்சம். மானியம் தனிக் கணக்கில் தள்ளிவைத்த வருமானமாக உட்கார்ந்து, வருடத்துக்கு 1 லட்சம் வீதம் இலாப நட்டக் கணக்குக்குப் போகும். இரண்டு வருடம் கழித்து இயந்திரம் 16 லட்சம், தள்ளிவைத்த மானியம் 4 லட்சம். இலாபத்தின் மீது விழும் நிகர பாரம் இரு பாதியிலும் வருடத்துக்கு 3 லட்சம்தான்.

இதுவரை யாரும் தடுமாறுவதில்லை. மூன்றாம் வருடத் தொடக்கத்தில், நிபந்தனையை மீறியதற்காக அரசு 6 லட்சத்தையும் திருப்பிக் கேட்கிறது. குறிப்பேட்டுப் பதிவு மட்டும் எழுதிப் பழகியவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். இன்றைய தேதியில் கணக்கில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேள்வியே, அந்த மிச்சம் பேரேட்டில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். வலது பாதியில் அது இப்படி முடிகிறது:

தள்ளிவைத்த மானியக் கணக்கு

| பற்று | ரூ. | வரவு | ரூ. |
|---|---|---|---|
| ஆண்டு 1: இலாப நட்டக் கணக்கு | 1,00,000 | ஆண்டு 1: வங்கி | 6,00,000 |
| ஆண்டு 2: இலாப நட்டக் கணக்கு | 1,00,000 | | |
| ஆண்டு 3 தொடக்கம்: வங்கி | 4,00,000 | | |
| மொத்தம் | 6,00,000 | மொத்தம் | 6,00,000 |

வங்கியிலிருந்து போவது 6 லட்சம். இந்தக் கணக்கில் இருப்பதோ 4 லட்சம். தீர்ந்ததும் மீதி 2 லட்சம் போக வேறு இடமில்லை, இலாப நட்டக் கணக்கில் பற்று விழுகிறது. அந்த 2 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், முதல் இரண்டு வருடம் வருமானமாகக் காட்டிய அதே பணம்தான் திரும்பிப் போகிறது. இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவர் முழு 6 லட்சத்தையும் நட்டத்தில் தள்ளமாட்டார். திருப்பிக் கட்டும் மானியத்தை அசாதாரண இனமாகக் கொள்ளவேண்டும் என்று தரநிலை சொல்வதை, அந்த 2 லட்சத்துக்குப் பக்கத்திலேயே பென்சிலில் எழுதிவையுங்கள்.

இடது பாதியில் நட்டக் கணக்குக்கு உடனடி வேலையே இல்லை. கட்டிய 6 லட்சம் இயந்திரத்தின் மேல் ஏறுகிறது. 12-ம் 6-ம் சேர்ந்து 18 லட்சம், மிச்சம் இருக்கும் 4 வருடத்துக்குப் பங்கிட்டால் வருடத்துக்கு 4,50,000 தேய்மானம். இங்கேயும் ஒரு வழுக்கல் உண்டு. மானியமே வராதிருந்தால் வருடத்துக்கு 4 லட்சம் போயிருக்குமே என்று பழைய இரண்டு வருடத்தையும் திருத்தி எழுதப் போகிறார்கள் சிலர். கூடாது. திருத்திய மதிப்பு இனி வரும் வருடங்களுக்கு மட்டுமே.

சரியாகப் போட்டோமா என்று பார்க்க விடைப் புத்தகம் வேண்டாம். ஆறு வருடத்துக்கும் இலாபத்தின் மீது விழுந்த பாரத்தைக் கூட்டுங்கள். இடது பாதியில் முதல் இரண்டு வருடத்துக்கு 6 லட்சம், பின் நான்கு வருடத்துக்கு 18 லட்சம், ஆக 24. வலது பாதியில் நிகரமாக 6 லட்சம், திருப்பிக் கட்டிய வகையில் 2 லட்சம், பின் நான்கு வருடத் தேய்மானம் 16 லட்சம், ஆக 24. மானியம் முழுக்கப் போய்விட்டது, ஆகவே இயந்திரத்தின் முழு விலையும் நம் தலையில். கூட்டல் 24 வராவிட்டால் பெரும்பாலும் காரணம், திருப்பிக் கட்டிய பிறகும் பழக்கதோஷத்தில் வருடத்துக்கு 1 லட்சம் வருமானம் எழுதியிருப்பீர்கள்.

மதிப்புக் குறைந்துசெல் முறைக்கு முதல் வருடம் மட்டும் போட்டுப் பார்த்தால் போதும். 20 சதவீதம் என்றால் தேய்மானம் 4,80,000. தள்ளிவைத்த மானியமும் அதே விகிதத்தில் 1,20,000 குறையவேண்டும். இயந்திரத்தைக் குறைந்துசெல் முறையிலும் மானியத்தைச் சம பங்காகவும் எழுதுவது, நான் திருத்தும் தாள்களில் அலுக்காமல் வரும் தவறு.

எல்லாமே பேரேட்டில் அடங்காது. இலவசமாகக் கிடைத்த நிலம் பெயரளவு மதிப்பில் நிற்கும், நிறுவுநர் பங்களிப்பு போன்ற மானியம் மூலதனக் காப்புக்குப் போகும். இவை ஒற்றை வரிப் பதிவுகள், தாளின் பின்பக்கம் போதும். மானியம் கிடைக்கும் என்ற நியாயமான உறுதி வந்த பிறகே பதியவேண்டும் என்பதற்குத் தொகையே கிடையாது, அதை வாக்கியமாகவே படிக்கவேண்டியதுதான்.

தேர்வுக்கு முந்தின நாள் அந்தத் தாளைத் திரும்பப் படிக்காதீர்கள். மறைத்துவிட்டு ஒரே ஒரு தொகையை மாற்றுங்கள்: அரசு கேட்பது 6 அல்ல, 3 லட்சம். இடது பாதியில் 12-ம் 3-ம் 15 லட்சம், வருடத்துக்கு 3,75,000. வலது பாதியில் தள்ளிவைத்த 4 லட்சத்திலிருந்து 3 போய் மிச்சம் 1 லட்சம், வருடத்துக்கு 25,000 வருமானம். 4 லட்சம் தேய்மானத்தில் அதைக் கழித்தால் அங்கேயும் 3,75,000. திருப்பிக் கட்டுவது 4 லட்சத்தைத் தாண்டாதவரை, இரண்டு வழியிலும் எந்த வருட இலாபமும் மாறுவதில்லை.