அந்த ஆறு இலக்கம் எங்கே பிறக்கிறது?

போன் தொலைந்துவிட்டது. புதிய போன் வாங்கி, பழைய எண்ணுக்கே மாற்று சிம்மும் போட்டாகிவிட்டது. ஆதென்டிகேட்டர் செயலியை நிறுவித் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. கூகுள் கணக்கோ கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டு, ஆறு இலக்க எண்ணைக் கேட்டு நிற்கிறது. "நம்பர் அதேதானே, கோட் ஏன் வரவில்லை?" குறுஞ்செய்தியில் வரும் ஓடிபிக்குப் பழகியவர்களுக்கு இது நியாயமான கேள்வி.

அந்த எண்ணை யாரும் அனுப்புவதில்லை என்பதுதான் பதில். போனே கணக்குப் போட்டு அதை உண்டாக்குகிறது. முதல்நாள் நாம் ஸ்கேன் செய்த க்யூஆர் கட்டத்துக்குள் ஒரு ரகசியச் சாவி இருந்தது. அதன் ஒரு பிரதி போனில் தங்கியது, இன்னொன்று கூகுளிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டும் பேசிக்கொள்ளத் தேவையில்லை. விமானத்தில் இணையமே இல்லாதபோதும் செயலி எண் காட்டுவது இதனால்தான்.

கணக்கில் சேரும் இன்னொரு பொருள் நேரம். 1970 ஜனவரி 1 முதல் ஓடிய நொடிகளை 30 ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுகிறார்கள். 2011இல் வெளியான RFC 6238 என்ற வரையறையில் இதற்குச் சோதனைக் கணக்கு உண்டு. அதில் சாவி `12345678901234567890`. நேரம் 59ஆம் நொடி. 59ஐ 30 ஆல் வகுத்தால் 1. சாவியையும் இந்த 1ஐயும் HMAC-SHA-1 என்ற கணிப்புக்குள் செலுத்தினால் 20 பைட் வெளிவரும். அதன் கடைசி நான்கு பிட், எங்கிருந்து நான்கு பைட் எடுப்பது என்று சொல்கிறது. எடுத்ததில் முதல் பிட்டை நீக்கிப் பதின்ம எண்ணாக்கி, கடைசி ஆறு இலக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும்:

```
c1397eea → 41397eea → 1094287082 → 287082
```

அடுத்த 30 நொடிக்கு அதே சாவி தருவது 359152. இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் உறவே இல்லை. எண்ணிலிருந்து சாவிக்குத் திரும்பும் வழியும் இல்லை. இவ்வளவு சிறிய கணக்குக்குள் இத்தனை உறுதி இருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

ஆகவே தொலைந்தது சாவியின் பிரதி. சிம் அதைத் தராது. செயலியில் கூகுள் கணக்கு ஒத்திசைவு 2023 முதல் இருக்கிறது. மற்ற தளங்களின் சாவிகளை அது புதுப் போனுக்குக் கொண்டுவரும். ஆனால் பூட்டிக்கொண்டது அந்தக் கூகுள் கணக்கே என்றால், சாவியை எடுக்கவும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும்.

இங்கேதான் பேக்கப் கோட் வருகிறது. கூகுள் எட்டு இலக்கத்தில் பத்து எண்களைத் தருகிறது. இவை சாவியிலிருந்தோ கடிகாரத்திலிருந்தோ பிறந்தவை அல்ல. முன்கூட்டியே பொறுக்கி வைத்த தற்செயல் எண்கள். அதனால்தான் சாவி போனாலும் இவை பிழைக்கின்றன. ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். புதிய தொகுதி எடுத்தால் பழையது முழுவதும் செல்லாது. ஒருவர் பழைய தாளில் உள்ள எண்ணை மாற்றி மாற்றி அடித்தும் மறுக்கப்பட்டால், பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்று.

கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு, `Try another way` என்பதைத் தொட்டு, பேக்கப் கோட் கேட்கும் வழியைத் தேர்ந்து ஒன்றை உள்ளிட வேண்டும். தாள் கிடைக்காவிட்டால் கணினியில் `backup-codes` என்ற பெயர் கொண்ட கோப்பைத் தேடிப் பாருங்கள். கிட்ஹப் கணக்கு என்றால் `github-recovery-codes.txt`. எப்போதோ தரவிறக்கி மறந்திருப்போம். கோப்பு பூட்டிக்கொண்ட கூகுள் கணக்கின் டிரைவிலேயே இருந்தால் அது உதவாது. ஏற்கெனவே உள்நுழைந்த நிலையில் வீட்டுக் கணினி ஏதாவது இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பல நேரம் அதுவே போதும்.

உள்ளே போனதும் பலர் நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பழைய போனில் சாவி இன்னும் உயிரோடு இருக்கிறது. அது யார் கையில் இருந்தாலும் 30 நொடிக்கு ஒருமுறை சரியான எண்ணைக் காட்டிக்கொண்டேயிருக்கும். சாதனப் பட்டியலிலிருந்து போனை வெளியேற்றுவது இந்தச் சாவியைக் கொல்லாது. ஆதென்டிகேட்டர் அமைப்பில் செயலியை மாற்றி, புதிய க்யூஆரை ஸ்கேன் செய்தால்தான் கூகுள் புதுச் சாவிக்கு மாறும். பழைய போன் காட்டும் எண் அந்த நொடியிலிருந்து தவறாகிவிடும். பிறகு பழைய போனை வெளியேற்றி, கடவுச்சொல்லை மாற்றி, புதிய பத்து எண்களை எடுத்து அச்சிட வேண்டும். தாளில் மின்னஞ்சல் முகவரியையோ கடவுச்சொல்லையோ எழுத வேண்டாம். அவை இல்லாமல் வெறும் எண்களை வைத்துக்கொண்டு எவராலும் நுழைய முடியாது.