செய்தியில் அடிபடும் நிறுவனத்திற்கு எப்போது கடிதம் எழுதுவது?

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நடுத்தர நிறுவனத்தின் ஊழியர்கள் அனைவருக்கும் எங்கள் கிளையில் சம்பளக் கணக்கு தொடங்கித் தருவதாக ஒரு முன்மொழிவு அனுப்பினேன். கடிதம் நன்றாகவே அமைந்திருந்தது. அனுப்பிய நாள்தான் தவறு. அந்நிறுவனம் ஊழியர்களில் ஒரு பகுதியினரைப் பணிநீக்கம் செய்யப்போகிறது என்ற செய்தி அன்று காலை நாளிதழில் வெளியாகியிருந்தது. நான் அதைப் படித்திருக்கவில்லை. மனிதவள மேலாளர் ஒரே வரியில் பதில் எழுதினார்: “இன்று என்ன கிழமை என்றாவது தங்களுக்குத் தெரியுமா?” அந்நிறுவனத்தின் கதவு அதன் பிறகு எனக்குத் திறக்கவே இல்லை.

அந்த அனுபவம் இருந்ததனால்தான், புனேயை அடுத்த சாக்கன் தொழிற்பேட்டையில் பாதுகாப்புக் கையுறைகள் தயாரிக்கும் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை என் மேசைக்கு எதிரே அமர்ந்தபோது, அவருடைய கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொக்கக் கடன் கணக்கைப் புதுப்பிக்க வந்தவர் அவர். நவம்பர் 3ஆம் தேதி ஓர் இரசாயன ஆலைக்கு விலைப்புள்ளி அனுப்பியிருந்தார். அது 30 நாள் செல்லும். முந்தைய வியாழக்கிழமை இரவு அதே ஆலையில் தீப்பிடித்து, இரு தொழிலாளர்கள் உயிரிழந்திருந்தனர். “சார், நான் விற்பதே பாதுகாப்புச் சாதனம். இப்போது நினைவூட்டுவதா, விடுவதா?” என்று கேட்டார்.

நான் முதலில் கேட்டது நினைவூட்டலைப் பற்றியன்று. அவருடைய அலுவலகக் கணினியிலிருந்து தானாகவே போகும் கடிதங்கள் எவை என்று கேட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு அலுவலகத்திற்குத் தொலைபேசியில் பேசினார். வாங்கக்கூடிய நிறுவனங்கள் அனைத்திற்கும் செவ்வாய்தோறும் ஒரு மின்னஞ்சல் போகிறதாம். மறுநாள் போகவிருந்த மின்னஞ்சலின் தலைப்பு, “உங்கள் தொழிலாளர்களின் கைகள் பாதுகாப்பாக உள்ளனவா?” என்பது. நல்ல நாளில் அது விளம்பரம். அந்த வாரத்தில், அந்த ஆலைக்கு, அது குற்றச்சாட்டு. பட்டியலிலிருந்து அந்த ஒரு முகவரியை உடனே நீக்கச் சொன்னார். இத்தகைய வேளையில் மனிதர்கள் யோசித்து எழுதும் கடிதத்தைவிட, யாரும் யோசிக்காமல் போகும் கடிதமே அதிகத் தீங்கு செய்கிறது. பண்டிகை வாழ்த்து, குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் படம் எல்லாம் இதில் அடங்கும்.

அடுத்து விலைப்புள்ளி. டிசம்பர் 3ஆம் தேதியோடு அது காலாவதியாகும். மௌனமாக இருந்தால், ஆலை மீண்டும் இயங்கும்போது கொள்முதல் மேலாளர் புதிதாக விலை கேட்க வேண்டியிருக்கும். ஆகவே ஒரு சிறு கடிதம் தேவைப்பட்டது. அன்றைக்கே அல்ல, ஒரு வாரம் கழித்து. அவர் எழுதி வந்த வரைவு இரங்கலில் தொடங்கி, நடுவில் விபத்துக்கான காரணத்தைத் தொட்டு, விலையில் முடிந்தது. இரங்கலும் விலையும் ஒரே தாளில் இருந்தால் இரங்கல் தூண்டில் போலத் தோன்றும் என்றேன். நாளிதழ் எழுதிய காரணத்தை நாமும் எழுதினால், விசாரணை முடிவதற்குள் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். நீண்ட விவாதத்திற்குப் பிறகு எஞ்சியவை மூன்று வாக்கியங்கள்:

“நவம்பர் 3ஆம் தேதி அனுப்பிய விலைப்புள்ளி குறித்துத் தாங்கள் இப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. அதே விலை ஜனவரி 31 வரை செல்லும். இக்கடிதத்திற்குப் பதில் எதிர்பார்க்கவில்லை.”

இரங்கலை நேரில் பார்க்கும்போது சொல்லலாம் என்று வைத்துக்கொண்டார். கடிதம் நிர்வாக இயக்குநருக்குப் போகவில்லை. ஏற்கெனவே அறிமுகமான கொள்முதல் மேலாளருக்கு மட்டுமே போனது. அத்தகைய வாரத்தில் இயக்குநரின் மேசையில் காவல்துறை, தொழிலகப் பாதுகாப்புத் துறை, காப்பீட்டு மதிப்பீட்டாளர் ஆகியோரின் தாள்கள் குவிந்திருக்கும்.

பிறகு எப்போது பேசுவது? “ஒரு மாதம் பொறுத்து” என்பது போன்ற கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை. நாள்காட்டியைவிட நிகழ்ச்சிகளைப் பார்ப்பதே சரி. தொழிலகப் பாதுகாப்புத் துறை விதித்த தடை நீங்கியதா, உற்பத்தி தொடங்கியதா, அந்நிறுவனம் தானாகவே வேறு பொருள்களுக்கு விலை கேட்கத் தொடங்கியதா என்பவையே அடையாளங்கள். இவருக்கு அடையாளம் கிடைத்தது விந்தையான வழியில்: அந்த ஆலையின் வாயிலில் மீண்டும் டேங்கர் லாரிகள் வரிசையில் நிற்பதை அவருடைய வேன் ஓட்டுநர் கண்டு வந்து சொன்னார். அது ஆறாவது வாரம். அப்போது எழுதிய கடிதம் பழைய விலைப்புள்ளியை மட்டுமே குறிப்பிட்டது. தீயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கொள்முதல் மேலாளர் அழைத்துப் பேசினார். விபத்து நடந்த வாரத்தில் பாதுகாப்புச் சாதனம் விற்பவர்கள் பலர் தம்மைத் தொலைபேசியில் துரத்தியதாகவும், அவர்களின் எண்களையெல்லாம் தடுத்து வைத்துவிட்டதாகவும் கூறினாராம். ஆனால் ஆணை எதிர்பார்த்ததில் பாதிதான். பணத்திற்கு 60 நாள் தவணையும் கேட்டார். இங்கே நம் வாடிக்கையாளர் இரக்கத்தால் நெகிழ்ந்துவிடவிருந்தார். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும், பொருளை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். அதைக் கடுமையின்றி எடுத்துச் சொல்லி, 45 நாளில் முடித்துக்கொண்டார். தொனியில் காட்டும் பரிவைக் கடன் தவணையிலும் காட்ட வேண்டும் என்பதில்லை.

செய்தி உயிரிழப்பாக இல்லாமல் பண நெருக்கடியாக இருந்தால் வழி வேறு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17ஆம் தேதி பறப்பதை நிறுத்தியது. தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு திவால் மனுவை ஏற்றது ஜூன் 20ஆம் தேதி. இடைப்பட்ட இரண்டு மாதங்களில் அத்தகைய நிறுவனத்திற்குப் புதிதாக எதையும் விற்க முயல்வது வீண். உள்ளே இருப்பவர்களுக்கே அடுத்த மாதச் சம்பளம் நிச்சயமில்லை. அவர்களிடம் சலுகை விலை பேசுவது நாகரிகமும் அன்று.

மனு ஏற்கப்பட்ட பிறகு நிலைமை தெளிவடைகிறது. இயக்குநர் குழுவின் அதிகாரம் நின்று, இடைக்காலத் தீர்வு நிபுணர் பொறுப்பேற்கிறார். அவர் பெயரும் முகவரியும் பொது அறிவிப்பில் வெளியாகும். பழைய நிர்வாக இயக்குநருக்கு உருக்கமாக எழுதும் கடிதத்தால் இனிப் பயனில்லை. நிபுணருக்கு எழுதும் கடிதத்தில் ஆறுதலுக்கு இடமில்லை. பொருள், அளவு, விலை, பணம் தரும் முறை ஆகியவை போதும். அவர் கெடுவுக்குள் வேலையை முடிக்க வேண்டியவர். அவர் காலத்தில் அவர் ஆணையிட்டு வாங்கும் பொருளின் விலை தீர்வுச் செலவாகக் கருதப்பட்டு, பழைய கடன்களுக்கு முன்னதாகத் தரப்படும். முன்பே நிலுவையில் உள்ள தொகைக்கோ தனியே உரிமைகோரல் தாக்கல் செய்ய வேண்டும். புதிய ஆணையோடு அதைச் சேர்த்துப் பேரம் பேசினால் இரண்டும் சிக்கலாகும். முன்னுரிமை இருந்தாலும் நிறுவனத்தின் கையில் பணம் இருந்தால்தானே தர முடியும்? ஆகவே முன்பணமோ, பொருள் கொடுக்கும்போதே பணமோ கேட்பதில் கூச்சம் வேண்டாம். நிபுணர்கள் அதை எதிர்பார்த்தே இருப்பார்கள்.

சாக்கன் வாடிக்கையாளர் இப்போது தம் அலுவலகத்தில் ஒரு பழக்கத்தை ஏற்படுத்தியிருக்கிறார். செவ்வாய் மின்னஞ்சல் புறப்படுவதற்கு முன், அவருடைய மகள் பட்டியலை எடுத்துக்கொண்டு காலை நாளிதழோடு ஒப்பிடுகிறாள். பத்து நிமிட வேலையாம்.