பல்பு தானாகச் செய்த வேலையை இன்று சர்க்யூட் செய்கிறது

அரவைக் காலத்தில் திருக்கோவிலூர்ப் பக்கத்துச் சாலைகளில், கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவிலும் மூங்கில்துறைப்பட்டு ஆலையை நோக்கிப் போகும். அவற்றின் வேலை விளக்குக்கு மின்சாரம் தருவது 12 வோல்ட் பேட்டரி. பெயர்தான் 12 வோல்ட். இன்ஜின் நின்று பேட்டரி இறங்கும்போது அது 11 வோல்ட். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வோல்ட். இந்த ஏற்ற இறக்கம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. மாறியது விளக்கு.

அன்று இருந்தது இழை பல்பு. வோல்டேஜ் ஏறினால் இழை இன்னும் சூடாகும். சூடானால் அதன் மின்தடையும் ஏறும். அதனால் 11-லிருந்து 14.4 வோல்ட்டுக்குப் போனாலும் கரண்ட் ஆறில் ஒரு பங்குதான் கூடும். வெளிச்சம் என்னவோ இரண்டரை மடங்கு ஏறும், பல்பின் ஆயுளும் குறையும். ஆனாலும் கரண்டைக் கட்டுப்படுத்தத் தனியாக எதுவும் தேவைப்படவில்லை.

எல்.இ.டி.க்கு அந்தக் குணம் கிடையாது. வெள்ளை எல்.இ.டி. ஒன்று ஏறத்தாழ 3.1 வோல்ட் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வோல்டேஜ் சிறிது கூடினாலும் கரண்ட் மளமளவென ஏறும். அதனால் முதலில் வந்த விளக்குகளில் மூன்று எல்.இ.டி.களை வரிசையாக இணைத்து, கூடவே ஒரு ரெசிஸ்டரைப் போட்டார்கள். கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் எல்.இ.டி. பட்டையில் இன்றும் அதே அமைப்புதான்.

ஒரு வாட் எல்.இ.டி. மூன்றை வைத்துக் கணக்குப் பார்ப்போம். மூன்றுக்கும் சேர்த்து 9.3 வோல்ட். 12.6 வோல்ட்டில் 300 மில்லிஆம்பியர் வேண்டும் என்றால் மீதி 3.3 வோல்ட்டுக்கு 11 ஓம் ரெசிஸ்டர். பேட்டரி 11 வோல்ட்டுக்கு இறங்கினால் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 1.7 வோல்ட், கரண்ட் 155 மில்லிஆம்பியர். 14.4 வோல்ட்டில் 460-க்கு மேல் போகும். இந்த எல்.இ.டி. வழக்கமாகத் தாங்குவது 350. இன்ஜின் நின்றால் மங்கும், ஓடினால் கருகும்.

இன்று இதற்கான எளிய தீர்வு ஒரு ஆப்-ஆம்ப், ஒரு மாஸ்ஃபெட், ஒரு சென்ஸ் ரெசிஸ்டர். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து எல்.இ.டி.கள், அடுத்து மாஸ்ஃபெட், அதற்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 1 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர். அதில் 300 மில்லிஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட் விழும். ஆப்-ஆம்பின் பிளஸ் முனையில் அசையாத 0.3 வோல்ட், மைனஸ் முனையில் சென்ஸ் ரெசிஸ்டரின் வோல்டேஜ். கரண்ட் கூடினால் மைனஸ் பக்கம் ஏறும். ஆப்-ஆம்ப் உடனே மாஸ்ஃபெட்டின் கேட் வோல்டேஜை இறக்கும். குறைந்தால் ஏற்றும். ஏரியில் தண்ணீர் எவ்வளவு நின்றாலும் வாய்க்காலில் ஒரே அளவு போகும்படி மதகைத் திருகுவது போன்ற வேலை.

I = Vref / Rs

இந்தக் கணக்கில் பேட்டரி வோல்டேஜ் வரவே இல்லை. ஆனால் அந்த 0.3 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் வைத்து நேராகப் பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்தால் செய்த வேலை வீண். பேட்டரி ஏறும்போது அதுவும் ஏறும், கரண்டும் ஏறும். டிஎல்431 தரும் 2.5 வோல்ட்டை 22 கிலோஓம், 3 கிலோஓம் வைத்துப் பிரித்தால் சரியாக 0.3 வரும். ஆப்-ஆம்புக்கு எல்எம்358 போதும். கிரவுண்டை ஒட்டிய சிறு வோல்டேஜையும் அதன் உள்முனைகள் படிக்கும். பழைய 741 இந்த இடத்தில் தடுமாறும்.

வீணாகும் மின்சாரத்தைக் குறைக்கலாம் என்று சென்ஸ் ரெசிஸ்டரை 0.1 ஓம் ஆக்கினால் 30 மில்லிவோல்ட்தான் கிடைக்கும். எல்எம்358-இல் 7 மில்லிவோல்ட் வரை பிழை இருக்கலாம். 300-இல் 7 பெரிதல்ல. 30-இல் 7 என்றால் கிட்டத்தட்ட கால் பங்கு.

மிஞ்சும் வோல்டேஜ் முழுவதும் மாஸ்ஃபெட்டில் சூடாகிறது. 14.4 வோல்ட்டில் அதன் மேல் 4.8 வோல்ட் நிற்கும்; 0.3 ஆம்பியரில் அது 1.44 வாட். சின்ன ஹீட்சிங்க் அவசியம். கீழ்ப்பக்கமும் எல்லை உண்டு. 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் மாஸ்ஃபெட் முழுதாகத் திறந்திருந்தும் கரண்ட் போதாது. செல்ஃப் அடிக்கும் நொடியில் விளக்கு மங்குவது இதனால்தான். 24 வோல்ட் லாரிக்கு இதே சர்க்யூட்டைப் போட்டால் வெளிச்சத்துக்குப் போவதைவிடச் சூட்டுக்குப் போவது அதிகம். அங்கே எல்.இ.டி.களை வரிசையில் கூட்ட வேண்டும், இல்லையேல் ஸ்விட்சிங் டிரைவர் வேண்டும்.

சர்க்யூட் சரியா என்று பார்க்க மல்டிமீட்டரை 1 ஓம் ரெசிஸ்டரின் இரு கால்களில் வையுங்கள். 300 மில்லிவோல்ட் காட்டினால் 300 மில்லிஆம்பியர் ஓடுகிறது. பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். எண் அசையாமல் நின்றால் எல்லாம் சரி. வோல்டேஜோடு சேர்ந்து ஏறினால் டிஎல்431 பக்கத்தைப் பாருங்கள். எண் சரியாக இருந்தும் பக்கத்து ரேடியோ இரைந்தால் ஆப்-ஆம்ப் ஆடுகிறது. கேட்டுக்கு முன்னால் 100 ஓம் போட்டு, சென்ஸ் வோல்டேஜை மைனஸ் முனைக்கு 10 கிலோஓம் வழியாக வரவிட்டு, ஆப்-ஆம்பின் வெளிமுனையிலிருந்து அதே மைனஸ் முனைக்கு ஒரு நானோஃபாரட் கெபாசிட்டர் போட்டால் பெரும்பாலும் அடங்கும்.