பம்ப் அடித்தால் பிள்ளை குட்டையாகுமா?

"சேர், இந்தப் பம்ப தொடர்ந்து அடிச்சா புள்ள வளராதாமே, மெய்யா?"

உக்குவளையில் உம்மாமார் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஐப்பசி மழை தொடங்கி, முட்டு வருத்தக்காரப் பிள்ளைகள் பாடசாலைக்கு வராமல் நிற்கும் காலத்தில்தான் அதிகம் கேட்கிறார்கள். பயத்தில் பம்பை அலுமாரியில் பூட்டி வைத்தவர்களும் உண்டு. நான் தமிழ் படிப்பிப்பவன், வைத்தியன் அல்ல. ஆனால் இந்தக் கேள்வியை முறையாக ஆராய்ந்து விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடையை நம் மொழியில் சொல்வதே இங்கே என் வேலை.

முதலில் எந்தப் பம்ப் என்று பார்க்க வேண்டும். முட்டு வந்தவுடன் அடிக்கிற சல்பியூட்டமோலில் ஸ்டீரொயிட் இல்லை. முட்டு வராமல் தடுக்க நாள்தோறும் அடிக்கும் பெக்லோமெத்தசோன், பியூடசோனைட் போன்றவைதாம் ஸ்டீரொயிட் பம்புகள். ஸ்டீரொயிட் அதிகமாக இரத்தத்தில் கலந்தால், எலும்பு நுனியிலுள்ள வளரும் குருத்தெலும்பின் வேகம் குறையும். ஆகவே உம்மாமாரின் பயம் வெறும் கட்டுக்கதை அல்ல. எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 முதல் 12 வயது வரையான 1,041 ஆஸ்துமாப் பிள்ளைகளை வைத்து 'கேம்ப்' என்ற ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் பியூடசோனைட். இன்னொரு பகுதியினருக்கு மருந்தில்லாத வெறும் பம்ப். 4 முதல் 6 ஆண்டுகள் இப்படிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்து, சராசரி 25 வயதை எட்டியபோது மறுபடி அளந்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களின் சராசரி உயரம் 171.1 சென்ரிமீற்றர், எடுக்காதவர்களுடையது 172.3. வித்தியாசம் 1.2 சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு சுண்டுவிரலின் அகலம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தக் குறைவு பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளிலேயே ஏற்பட்டது. அதற்குப் பிறகும் மருந்து தொடர்ந்தது, ஆனால் குறைவு கூடிக்கொண்டு போகவில்லை. "வருசம் ஒன்றுக்கு ஒரு சென்ரிமீற்றர், பத்து வருசத்துக்குப் பத்து" என்று கணக்குப் போடுவது பிழை. ஆனால் மருந்தளவு கூடக்கூட விளைவும் கூடலாம். அதனால்தான் முட்டு அடங்கியதும் வைத்தியர்கள் அளவைக் குறைத்துப் பார்க்கிறார்கள்.

குளிசையின் கதை வேறு. பம்ப் மருந்து மைக்ரோகிராம் கணக்கு. பிரெட்னிசலோன் குளிசை மில்லிகிராம் கணக்கு. ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். பம்ப் மருந்து வீரியம் கூடியதுதான், ஆனாலும் அது நேராக நுரையீரலுக்குப் போகிறது. விழுங்கப்படும் பங்கில் பெரும்பகுதியை ஈரல் அழித்துவிடுகிறது. குளிசையோ உடம்பு முழுக்கப் பரவுகிறது. சிறுநீரக நோய் போன்றவற்றுக்காக மாதக்கணக்கில் நாள்தோறும் குளிசை எடுக்கும் பிள்ளையின் வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும்படி தளரலாம். அதைக் குறைக்கத்தான், முடிந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கிறார்கள்.

இப்போது அலுமாரியில் பூட்டிய பம்பை நினைத்துப் பாருங்கள். தடுப்பு மருந்து நின்றால் முட்டு திரும்பி வரும். கடுமையாக வந்தால் ஆஸ்பத்திரியில் கொடுப்பது அந்தக் குளிசையைத்தான். அடங்காத ஆஸ்துமாவே பிள்ளையின் வளர்ச்சியையும் பருவமடைதலையும் பிந்த வைக்கும். சின்னக் குறைவுக்குப் பயந்து பெரிய குறைவை வீட்டுக்குக் கூப்பிட்ட கதைதான்.

பயப்படுவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, காலை நேரத்தில், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் முட்ட நிறுத்தி, தலையில் தட்டையான புத்தகம் வைத்துக் கோடு போடுங்கள். பின்னேரத்தில் எல்லோரும் கொஞ்சம் கட்டையாகிவிடுவோம், ஆகவே நேரத்தை மாற்ற வேண்டாம். ஏழு வயதுப் பிள்ளை 120 சென்ரிமீற்றரில் மருந்து தொடங்கியது என்று வைப்போம். அந்த வயதில் வருடம் 5, 6 சென்ரிமீற்றர் வளர்வது வழமை. ஒரு வருடத்தில் 125 என்றால் கவலை வேண்டாம். 123 தான் என்றால், அந்த அளவுகளை எழுதி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். மருந்தளவு கூடவா, வேறு காரணமா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

ஸ்பேசர் வைத்து அடித்து, பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் உடம்புக்குள் போகும் மருந்து குறையும். நீண்டநாள் குளிசை எடுத்த பிள்ளைக்கு அதைத் திடீரென நிறுத்தவே வேண்டாம். உடம்பு தானே ஸ்டீரொயிட் சுரப்பதை மறந்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. குறைப்பதையும் நிறுத்துவதையும் வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.